புள்ளி இல்லாத நாற்பத்தொரு வரிகள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சாவிக்காரர். நாங்கள் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனதும் இவர்தான் முதலில் போய்க் கதவைத் திறப்பார். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தாழ்ப்பாள் கழன்றிருக்கிறது, சுவரில் எத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று அறை அறையாகப் பார்த்து, ஃபோனில் அறிக்கை எழுதி எனக்கு அனுப்புவார். நான் அதைச் சரிபார்த்து வீட்டுக்காரருக்கு அனுப்புவேன். ஆறு வருஷமாக இதே வேலை, இதே இரண்டு பேர்.

இரண்டு பேர் என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் பேசியது ரொம்பக் குறைவு. காலையில் வருவார். பலகையில் தொங்கும் சாவிக்கொத்தில் அன்றைக்கு வேண்டியதை எடுப்பார். "வர்றேன் மேடம்" என்பார். சாயங்காலம் திரும்ப மாட்டுவார். "வச்சிட்டேன் மேடம்" என்பார். அவ்வளவுதான். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். என்னிடமே அவர் இப்படி என்றால் மற்றவர்களிடம் கேட்க வேண்டுமா?

ஆள் உயரம். கைகள் அதைவிடப் பெரியவை. வலது கட்டைவிரலை எப்போதோ ஒரு இரும்புக் கதவு நசுக்கி, நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. அந்த விரலால் ஒரு எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். மூன்று அறை உள்ள வீட்டுக்கு அறிக்கை எழுத முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் தப்பு இருக்காது. அவருடைய ஃபோனும் ஆறு வருஷத்தில் பழகிவிட்டது. 'தா' என்று தட்டினாலே 'தாழ்ப்பாள்' என்று மேலே காட்டுமாம். "சமையலறை குழாய் சரி. ஜன்னல் 2. ஆணி 6." இப்படித்தான் வரும். தந்தி போல.

பிறகு முதலாளியின் மருமகன் வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். வந்த முதல் வாரமே ஒரு சட்டம் போட்டார்: வீட்டைப் பார்த்து முடித்த இருபது நிமிஷத்துக்குள் அறிக்கை வந்தாக வேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

சாவிக்காரர் அன்றைக்குச் சாவியை மாட்டிவிட்டுப் போகாமல் என் மேஜை முன்னால் நின்றார்.

"என்னால முடியாது மேடம். விரல் ஓடல."

"விரல் எதுக்கு? வாயால சொல்லுங்க, அதுவே எழுதிக்கும்" என்று அவர் ஃபோனை வாங்கி, எழுத்துகளுக்கு மேலே இருந்த மைக் படத்தைக் காட்டினேன். "இத அமுக்கிட்டுப் பேசுங்க. பேச்ச நிறுத்தினா கொஞ்ச நேரத்துல அதுவே நின்னுடும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "சமையலறையில் குழாய் ஒழுகுகிறது" என்றார். எழுத்து வரிசையாக ஓடி வந்து நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் வந்த அறிக்கையைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வரவேற்பறை சுவர் சரி முற்றுப்புள்ளி கதவு சரி கமா தாழ்ப்பாள் இல்லை முற்றுப்புள்ளி" முப்பத்தோரு முற்றுப்புள்ளி, எண்ணிப் பார்த்தேன். சில ஃபோன்களில், சில மொழிகளில், சொன்னால் புள்ளி விழும். இவருடைய ஃபோன் தமிழில் அந்த வார்த்தையையே எழுதி வைத்தது. ஃபோன் பண்ணிச் சொன்னேன்.

"புள்ளிய வாயால சொல்லாதீங்க. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே போங்க. புள்ளி, கமா எல்லாம் நான் வச்சுக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?"

"எனக்கு விரல் ஓடும். விடுங்க."

இதைத்தான் நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். புள்ளி வைக்கிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதனால்தான் அவர் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் என் கண்ணில் பட்டுப் போக வேண்டியதாயிற்று.

முக்கால் மணி நேர வேலை பன்னிரண்டு நிமிஷமாயிற்று. ஆனால் தகராறு இல்லாமல் இல்லை. காலி வீட்டில் பேச்சு எதிரொலிக்கும், பாதி வார்த்தை உடைந்து வரும். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவர் மூலையைப் பார்த்து நின்று பேசினால் தேவலை என்று அவரே கண்டுபிடித்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே பேசினால் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் தேறாது. கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாத இடங்களில் மைக் வேலையே செய்யாது. ஒரு முறை மின்சார மீட்டரின் ஐந்து எண்களை மளமளவென்று சொல்லியிருக்கிறார், நான்குதான் வந்தது. அதிலிருந்து மீட்டர் எண், கதவு எண், பேர் எல்லாவற்றையும் கட்டைவிரலால்தான் தட்டுவார். வெறும் 'சரி' என்று எழுதவும் விரல்தான். மைக்கை அமுக்கி, அது விழித்துக்கொண்டு கேட்பதற்குள் இரண்டு எழுத்தைத் தட்டிவிடலாம். நீளமாக விவரிக்க வேண்டிய இடத்தில்தான் பேச்சு ஜெயிக்கும்.

ஒரு மாதம் போனது. அப்புறம் ஒரு நாள் இந்த வரி வந்தது.

"பின் அறை சுவரில் ஈரம் இருக்கிறது ஜன்னல் ஒன்று கண்ணாடி சரி இது கிழக்க பாத்த ஜன்னல் நீ இருந்தா இங்கதான் உக்காருவ காலைல வெயில் நேரா மடியில விழும் கழிவறை கதவு உரசுகிறது"

முதலில் எனக்குப் புரியவில்லை. யாரோடு போய்ப் பார்த்தார்? இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, அதனால் மைக்கும் நிற்கவில்லை. எழுதும் பெட்டியில் கடைசி இரண்டு வரிதான் தெரியும். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும். திரும்பிப் படித்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது, ஏனென்றால் நான்தான் பார்த்துக்கொள்கிறேனே!

அவருடைய மனைவி மகள் வீட்டுக்குப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவர். ஆறு மாதம் என்று போனார். மூன்று வருஷமாகிவிட்டது. முதல் குழந்தை நடக்கத் தொடங்கியதும் இரண்டாவது பிறந்துவிட்டது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, சும்மா போய் அங்கேயே தங்கிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு வந்த வரிகளிலிருந்து தெரிந்ததுதான். அவர் வாய் திறந்து என்னிடம் சொன்னதே இல்லை.

அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்தேன். எடுத்ததை அழித்திருக்க வேண்டும். அழிக்க மனசு வரவில்லை. என் ஃபோனில் குறிப்பு எழுதும் இடத்தில் ஒட்டிவைத்து, புள்ளியும் வைத்தேன். "இது கிழக்க பாத்த ஜன்னல். நீ இருந்தா இங்கதான் உக்காருவ. காலைல வெயில் நேரா மடியில விழும்."

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். "சார், மைக் ஓடிட்டே இருந்திருக்கு, பாத்துக்குங்க" என்று ஒரே வார்த்தை. காலையில் அவர் சாவி எடுக்க வந்தார், "வர்றேன் மேடம்" என்றார், நான் தலையை ஆட்டினேன். வாய் நீளக்காரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அந்த வரிகள் வேண்டியிருந்தன. என் வீட்டிலும் ஆள் கிடையாது. அம்மா போனபிறகு பூட்டைத் திறப்பதும் நான், பூட்டுவதும் நான். மத்தியானச் சாப்பாட்டை மேஜையிலேயே ஃபோனைப் பார்த்துக்கொண்டு முடிப்பேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அறிக்கையின் நடுவில், ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுவது வரும். பேச்சு வழக்கை அந்த ஃபோன் அங்கங்கே கடித்துத் துப்பினாலும் எனக்குப் புரியும். "இந்த அடுப்பு மேடை உனக்கு உசரம் கை எட்டாது" "நேத்து சோறு அடி பிடிச்சிடுச்சு உன்கிட்ட சொன்னா சிரிப்ப" "இங்க இருந்தவங்க ஒரு செருப்ப விட்டுட்டு போயிட்டாங்க ஒத்த செருப்பு" எட்டு மாதத்தில் நாற்பது சேர்ந்தன. திருட்டுதான். வேறு பேர் சொல்லி என்னத்துக்கு?

நாற்பத்தொன்றாவது வரி என் கைக்கு வருவதற்கு முன்னால் வேறொருத்தர் கைக்குப் போய்விட்டது.

அவசரம் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமை முதல் அறிக்கை நேராக வீட்டுக்காரருக்குப் போகும், இடையில் நான் தேவையில்லை. வெள்ளிக்கிழமையே எங்களுக்குச் சொல்லிவிட்டார். சாவிக்காரரிடம், "இனிமே புள்ளி எல்லாம் நீங்களே வைக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், இத்தனை நாள் நான் படித்திருக்கிறேன் என்று தெரிந்துபோகும். திங்கள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். திங்கள் காலையில் அவர் எனக்கு முன்பே வந்து சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஃபோன் பண்ணினேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார்.

பதினோரு மணிக்கு அவசரம் தன் அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஃபோன். சாவிக்காரர் அன்று காலை போன வீட்டின் சொந்தக்காரம்மா அனுப்பிய கோபமான செய்தி அதில் இருந்தது. அறிக்கையில் புள்ளிகளை எல்லாம் விரலால் ஒழுங்காக வைத்திருக்கிறார் பாவம், முதலில் எழுதிய அறைகளுக்கு. கடைசி அறைக்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது.

"அலமாரி கதவு இரண்டும் சரி இவ்ளோ பெரிய அலமாரி உன் துணி எல்லாம் அடுக்கலாம் போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல குழந்தைய காட்டின உன்ன காட்டவே இல்ல நீ எப்படி இருக்கன்னு எனக்கு தெரியல"

"காலி வீட்டுக்குள்ள யாரோ ஒரு பொம்பளைய கூட்டிட்டுப் போயிருக்கார். வீட்டுக்காரம்மா கேக்கறாங்க, என் சாவிய யார்கிட்ட குடுத்தீங்கன்னு. நான் என்ன பதில் சொல்றது? இன்னிக்கே சாவிய வாங்கிடுங்க" என்று அவசரம் கத்தினார்.

சாவி போனால் அந்த மனிதருக்கு என்ன இருக்கிறது? ஆறு வருஷத்தில் ஒரு விளக்குகூட காணாமல் போனதில்லை. அவர் தனியாகத்தான் போனார் என்பதற்கு என்னிடம் நாற்பது சாட்சி இருந்தது. என் ஃபோனைத் திறந்து காட்டினால் போதும். ஆனால் காட்டினால் இந்த அறையில் படிப்பார்கள், வெளியே சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் தேநீர்க் கடை வரை போய்விடும்.

நான் குறிப்பைத் திறக்கவில்லை. வெற்றுப் பெட்டி ஒன்றைத் திறந்து, மைக்கை அமுக்கி, ஃபோனை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

"அவர் யாரையும் கூட்டிட்டுப் போகல சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கூடப் போனீங்களா? இந்த ஆபீஸ்ல ஆளுக்கு ஆள் ஒருத்தருக்கொருத்தர் பரிஞ்சு பேசறீங்க. எங்க மாமனார் குடுத்த இடம் இது. அவர் ஒரு மாதிரி, அவருக்கு எதுவும் தெரியாது, என் தலையில கட்டிட்டுப் போயிட்டார்..."

மூச்சுவிடாமல் கத்தினார். முடிந்ததும் ஃபோனை அவர் பக்கம் திருப்பினேன். மாமனார் வரைக்கும் அத்தனையும் எழுத்தாக இருந்தது, ஒரு புள்ளி இல்லாமல். ஒன்றிரண்டு வார்த்தைதான் சிதைந்திருந்தது.

அவர் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"இதுதான் நடந்திருக்கு சார். மைக்க அமுக்கிட்டு அவர் பாட்டுக்கு வாய்விட்டுப் பேசியிருக்கார். பேச்சு நிக்கல, அதுவும் நிக்கல. வீட்டு அறிக்கை எது, சொந்தப் பேச்சு எதுன்னு அதுக்குத் தெரியுமா? இத்தன நாள் நான் பாத்து எடுத்துட்டு அனுப்பினேன். அவர்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

"அப்ப யார்கிட்ட பேசறார்?"

"அது வீட்டு அறிக்கையில வராது சார்."

அவர் ஃபோனை என் பக்கம் தள்ளினார். "முதல்ல அதை அழிங்க" என்றார். அவர் கண்முன்னாலேயே அழித்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு அவரே பேசி விளக்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில், "இன்னொரு தடவ ஒரே ஒரு வரி வந்தாலும் சாவி கெடையாது" என்று முடித்தார்.

சாயங்காலம் சாவிக்காரர் வந்து சாவியை மாட்டினார். "வச்சிட்டேன் மேடம்" என்றார். நான் அவரை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு நடந்ததை, எட்டு மாதமாக நடந்ததை, என் ஃபோனில் இருப்பதை. அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் வரைக்கும் சிவந்துபோயிருந்தது.

"எத்தன வரி?"

"இன்னிக்கு வந்ததோட நாப்பத்தி ஒண்ணு."

"எல்லாத்துக்கும் புள்ளி வச்சீங்களா?"

"வச்சேன், இன்னிக்கு வந்தத தவிர."

"ம்." எழுந்துகொண்டார். "அழிச்சிடுங்க மேடம்."

"மைக்க விட்டுடாதீங்க. பேசி முடிச்சதும் நீங்களே அமுக்கி நிறுத்துங்க. அனுப்பறதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டு ஒரு தடவ மேலேந்து படிச்சிடுங்க. இருபது நிமிஷத்துக்குள்ள முடியும்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். நாற்பதையும் ஒரே தட்டில் அழிக்கலாம்தான். என்னால் முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவருடைய அறிக்கைகள் குற்றம் சொல்ல முடியாதவை. நகல் ஒன்று எனக்கும் வரும். நீளமான இடங்களில் பேச்சு, எண்களுக்கு விரல், புள்ளிகள் அந்தந்த இடத்தில். பதினெட்டு நிமிஷம், பத்தொன்பது நிமிஷம். அவசரத்துக்குப் பரம திருப்தி. நான் மட்டும் ஒவ்வொரு அறிக்கையையும் மேலிருந்து கீழே வரை படிப்பேன். சுவர் சரி. கதவு சரி. தாழ்ப்பாள் சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் "வர்றேன்" என்பார், சாயங்காலம் "வச்சிட்டேன்" என்பார். மேடம் என்பதைக்கூட விட்டுவிட்டார். அந்த வெற்று வீடுகளில் அவர் இப்போது வாயைத் திறக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு இருந்த ஒரே இடத்தையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று ராத்திரியும் பகலும் மனசு அரித்தது.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது, அறிக்கை வந்தது. எட்டு நிமிஷம் கழித்து என் சொந்த எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அவரிடமிருந்து.

"தங்கச்சி. இந்த வீட்ல கிழக்க பாத்து ஒரு ஜன்னல் இருக்கு. சும்மா சொன்னேன்."

மூன்று வாக்கியம், மூன்று புள்ளி. இது மைக் தவறி எழுதியது இல்லை. தவறி விழுந்ததில் புள்ளி இருக்காது. அந்தப் பிளந்த நகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து எழுத்து விழும்போதெல்லாம் அழித்து அழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார். மேடம் என்று எழுத அவருடைய ஃபோனில் ஐந்து தட்டு. தங்கச்சி என்று எழுத எட்டு. எண்ணிப் பார்த்தேன். எண்ணும்போதே கண் நிறைந்துவிட்டது.

என் விரல் ஓடும் விரல். அன்றைக்கு ஓடவில்லை. மைக்கை அமுக்கினேன். அது காத்திருந்தது, காத்திருந்தது, நான் ஒன்றும் பேசாததால் தானாகவே நின்றுபோயிற்று. எட்டு மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள், ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

சோற்றுக்கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டைவிரலால், மெதுவாகத் தட்டினேன்.

"எவ்வளவு பெரிய ஜன்னல், அண்ணே?"